முரண்நகையா, குத்தலா? ஒரு வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கும் வழி

ஆங்கிலத்தில் ஐரனி எனப்படுவதைத் தமிழில் முரண்நகை என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. சார்க்கசம் எனப்படுவதற்கு எள்ளல், நக்கல், கிண்டல் எனப் பல சொற்கள் புழங்குகின்றன. இந்தக் கட்டுரையில் அதைக் குத்தல் என்றே சொல்லப் போகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

வழக்கமாகச் சொல்லித்தரப்படும் வரையறை இது: சொல்வதற்கு நேர் எதிரான பொருளைக் கருதினால் முரண்நகை, அதையே காரமாகச் செய்தால் குத்தல். இதை நம்பி வாக்கியங்களைப் பிரிக்க உட்கார்ந்தால் இரண்டாம் வாக்கியத்திலேயே சிக்கிக்கொள்வோம். இந்த வரையறை இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக நினைக்கிறது. உண்மையில் முரண்நகை என்பது ஓர் அமைப்பு. எதிர்பார்ப்பும் நடப்பும், அல்லது சொல்லும் கருத்தும், பொருந்தாமல் எதிரெதிரே நிற்கும் நிலை. குத்தல் என்பது ஒரு செயல். ஒருவர் இன்னொருவரைச் சொல்லால் சீண்டுவது. அமைப்பும் செயலும் ஒரே வாக்கியத்தில் சேரலாம், தனித்தனியாகவும் வரலாம்.

ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். இரவு பத்து மணிக்கு பஸ். ஒன்பதரைக்கே நிலையத்தில் இருப்பேன் என்று உறுதி சொன்ன நண்பர் பத்து இருபதுக்கு வந்து சேர்கிறார். பஸ் போய்விட்டது. இப்போது நான்கு வாக்கியங்கள்:

அ. "சரியான நேரத்துக்கு வந்துவிட்டாய்!"

ஆ. "உன்னால் பஸ்ஸைத் தவறவிட்டோம். உனக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை."

இ. "பஸ்ஸைத் தவறவிடக் கூடாதே என்று குறுக்குவழியில் ஆட்டோ பிடித்தேன். அந்த வழியில்தான் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றேன்."

ஈ. "கடிகாரம் பார்க்க உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?"

முதல் வாக்கியத்தில் இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதில் இரண்டும் இல்லை. அது வெறும் திட்டு. மூன்றாவதில் முரண்நகை மட்டும் இருக்கிறது. யாரையும் யாரும் குத்தவில்லை. நான்காவதில் குத்தல் இருக்கிறது. ஆனால் தலைகீழாகப் புரட்டிப் போட எந்தப் பொருளும் அதில் இல்லை. கேள்வியைப் புரட்டினால் என்ன வரும்? ஒன்றும் வராது. எல்லாக் குத்தலும் முரண்நகையின் ஒரு வகையே என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. அவர்கள்கூட இந்த நான்காம் வாக்கியத்தைத் தம் கூண்டுக்குள் கொண்டுவர, 'கேட்கிறவர் உண்மையில் கேட்கவில்லை' என்று வாதாட வேண்டியிருக்கும். எனக்கு அந்த வாதம் வலிந்ததாகப் படுகிறது.

ஒரு வாக்கியம் கையில் கிடைத்தால் கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்கலாம். வரிசை முக்கியம், முதல் படியைத் தாண்டாத வாக்கியத்துக்கு மற்றப் படிகள் தேவையில்லை.

முதல் படி: பேசுபவரை நீக்கிப் பார்

முரண் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பேச்சை முழுவதும் அழித்துவிட்டு நிகழ்வை மட்டும் வைத்தாலும் முரண் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் அது சூழலில் உள்ள முரண்நகை. தீயணைப்பு நிலையம் தீப்பிடித்து எரிகிறது. தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது. இவற்றைச் சொல்ல யாரும் தேவையில்லை, பார்க்க ஒருவர் இருந்தால் போதும். சூழல் யாரையும் குத்தாது. மொழியியலாளர் ஜான் ஹைமன் 1998-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை இரண்டாகச் சொல்கிறார். சூழல்கள் முரண்நகையாக அமையலாம், குத்திப் பேச மனிதரால் மட்டுமே முடியும் என்பது ஒன்று. ஒருவர் தெரியாமலே முரண்நகையாகப் பேசிவிடலாம், குத்தலுக்கு உள்நோக்கம் வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவது கருத்தை உடனே சோதிக்கலாம். தம் பணிவைப் பற்றி அரை மணி நேரம் மேடையில் பேசும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சு முரண்நகை. அவருக்கே அது தெரியாது. இப்போது 'அவர் தெரியாமல் குத்தலாகப் பேசினார்' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பொருள் ஒட்டாது. 'அவர் பேச்சு தெரியாமல் என் மனத்தைக் குத்திவிட்டது' என்று வேண்டுமானால் எழுதலாம். ஆனால் அது புண்பட்டதைப் பற்றிய செய்தி, குத்தல் பேச்சைப் பற்றியதன்று.

இந்தப் படியில் மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. தற்செயலையும் துரதிர்ஷ்டத்தையும் முரண்நகை என்று எழுதிவிடுவார்கள். திருமண நாளில் மழை பெய்தால் அது துரதிர்ஷ்டம், அவ்வளவுதான். மழையே வராத நாளாகப் பார்த்துக் குறித்துக்கொடுத்தவர் வானிலை ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் மாமா என்றால் அது முரண்நகை. இரண்டையும் பிரிக்க ஒரு வாய்பாடு போதும்: 'எதைத் தவிர்க்க (அல்லது அடைய) இது செய்யப்பட்டதோ, இதனாலேயே அது நடந்தது (அல்லது கெட்டது).' நிகழ்வை இந்த வாய்பாட்டில் நிரப்ப முடிந்தால் முரண்நகைதான். நிரப்ப முடியாவிட்டால் எதிர்பார்ப்பு என்ன, யாருடையது என்று ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சிலப்பதிகாரம் இந்த வாய்பாட்டில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இழந்த வாழ்வை மீட்கக் கோவலன் சிலம்பை விற்கப் போகிறான். அந்தச் சிலம்பாலேயே உயிரை இழக்கிறான். விலை மதிக்கச் சொல்லி அவன் நீட்டுவதோ, அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே. இந்தச் செய்தி நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. பாத்திரம் அறியாததைப் பார்ப்பவர் அறிந்திருக்கும் இந்த வகையை நாடக முரண் என்பார்கள். அங்கே இளங்கோ யாரையும் குத்தவில்லை. கோவலன் பொற்கொல்லனை மதிப்போடு அணுகி, அரசியின் காற்கு ஏற்ற சிலம்பை விலையிட உன்னால் முடியுமா என்று கேட்கும்போது நமக்குச் சிரிப்பும் வருவதில்லை. முரண்நகை என்ற பெயரில் நகை இருந்தாலும் சிரிப்பு அதற்குக் கட்டாயமில்லை.

இரண்டாம் படி: நேர்ப்பேச்சாக மாற்றி எழுது

முரண் பேச்சில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், பேசுபவர் உண்மையில் கருதியதை ஒளிவில்லாமல் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'சரியான நேரத்துக்கு வந்துவிட்டாய்' என்பது 'மிகவும் தாமதமாக வந்திருக்கிறாய்' ஆகும். இது நேர் எதிர். ஆனால் எப்போதும் இப்படி வராது.

நெரிசலில் ஒருவர் உங்கள் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறார். "தங்களுக்குச் சிரமமில்லை என்றால், என் கால்மேல் இருக்கும் தங்கள் காலைச் சற்று எடுக்க முடியுமா?" என்கிறீர்கள். கருதியது 'காலை எடு' என்பதுதான், சொன்னதும் அதுதான். பொருள் புரளவில்லை. இடத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பணிவு கூடியிருக்கிறது. அந்தக் கூடுதல்தான் குத்துகிறது. எனவே நேர்ப்பேச்சை எழுதும்போது 'எதிரா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எது இங்கே பொருந்தாமல் நிற்கிறது?' என்று கேளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எதிரானதைச் சொன்னால் மட்டும் முரண்நகை ஆகிவிடாது. தத்துவ அறிஞர் பால் கிரைஸ், 1975-இல் அச்சான தம் கட்டுரையில், பேச்சில் உண்மையே சொல்ல வேண்டும் என்ற பொது எதிர்பார்ப்பை வெளிப்படையாக மீறுவதால் கேட்பவர் எதிர்ப்பொருளைத் தேடுகிறார் என்று முரண்நகையை விளக்கினார். 1978-இல் அவரே அந்த விளக்கம் போதாது என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார். இருவர் தெருவில் நடக்கிறார்கள். கண்ணாடி உடைந்த கார் ஒன்று நிற்கிறது. ஒருவர், "பார், அந்தக் காரின் கண்ணாடிகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன" என்கிறார். கேட்பவர் விழிக்கிறார். பொய் வெளிப்படை, எதிர்ப்பொருளும் வெளிப்படை. ஆனாலும் முரண்நகை இல்லை. ஏன் இல்லை என்பதற்கான விடை அடுத்த படியில் இருக்கிறது.

மூன்றாம் படி: யாருடைய குரல்? 'ஆம்' சேர்த்துப் பார்

டான் ஸ்பெர்பரும் டெயர்ட்ரி வில்சனும் 1981-இல் முன்வைத்த விளக்கம் இது: முரண்நகையாகப் பேசுபவர் தம் கருத்தைச் சொல்வதில்லை, வேறு யாரோ சொன்னதை, அல்லது எல்லாரும் நம்புவதை, எதிரொலித்துக் காட்டி அதிலிருந்து தாம் விலகி நிற்கிறார். கார்க் கண்ணாடி வாக்கியத்தில் எதிரொலிக்க யாருடைய பேச்சும் முன்னால் இல்லை. "இந்தத் தெருவில் காரை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது" என்று அந்தக் காரின் சொந்தக்காரரான மற்றவர் காலையில் சொல்லியிருந்தால்? அப்போது அதே வாக்கியம் உடனே உயிர்பெறுகிறது, குத்தவும் செய்கிறது.

இந்த எதிரொலியைக் கண்டுபிடிக்கத் தமிழ் மாணவருக்கு ஒரு வசதி இருக்கிறது. பிறர் சொன்னதாகச் செய்தியைச் சொல்ல நாம் சொல்லின் இறுதியில் 'ஆம்' சேர்க்கிறோம்: 'நாளை மழை வருமாம்', 'அவர் ஊருக்குப் போயிருக்கிறாராம்'. இது வெறும் கேள்விப்பட்ட செய்தி. ஆனால் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு, "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவாராம்!" என்றால் அது வேறு. அவர் சொன்ன சொல் அவரிடமே திரும்பி வருகிறது.

சோதனை இப்படி: சந்தேகத்துக்குரிய வாக்கியத்தில் 'ஆம்' சேருங்கள். சேர்த்த பிறகும் தொனி மாறாமல், இன்னும் கூர்மையாகவும் ஆனால், அது எதிரொலி. யாருடையது என்று கேட்டு ஒரு பெயரையோ பொதுநம்பிக்கையையோ எழுதிக்கொள்ளுங்கள். 'சரியான நேரத்துக்கு வந்துவிட்டாய்' என்பதை 'சரியான நேரத்துக்கு வந்துவிடுவாராம்!' என்று மாற்றினால் நண்பரின் உறுதிமொழிதான் எதிரொலிக்கிறது என்று உடனே தெரிகிறது. கார்க் கண்ணாடி வாக்கியத்தை 'கண்ணாடிகள் முழுசாக இருக்கின்றனவாம்' என்று மாற்றினால், 'யார் சொன்னது?' என்ற கேள்விதான் வரும். இந்தச் சோதனை எதிரொலியை மட்டுமே காட்டும். எதிரொலித்தவர் விலகி நிற்கிறாரா, நம்பித்தான் சொல்கிறாரா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். 'ஓர் ஊரில் ஒரு ராஜாவாம்' என்று பாட்டி தொடங்கினால் அதில் முரண்நகை தேடக் கூடாது.

இகழ்வது போலப் புகழ்வது ஏன் அரிது என்பதற்கும் இந்தப் படியே விடை தருகிறது. சாப்பாடு மோசமாக இருந்தால், "ஆகா, என்ன சமையல்!" என்று யாரும் சொல்லலாம், சமையல் நன்றாக இருக்க வேண்டும் என்பது எப்போதும் உள்ள எதிர்பார்ப்பு, எதிரொலிக்க அதுவே போதும். சாப்பாடு பிரமாதமாக இருக்கும்போது திடீரென்று "என்ன மோசமான சமையல்!" என்றால் சமைத்தவர் அழுதுவிடுவார். ஆனால் பரிமாறும் முன் அந்த அத்தை, "எனக்கு ஒன்றும் பெரிதாகச் சமைக்க வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால், இரண்டாம் முறை குழம்பு வாங்கிக்கொண்டே, "சமைக்க வராதாம் அத்தைக்கு!" என்று சொல்ல முடியும். முரண்நகை முழுமையாக இருக்கிறது, எதிரொலி இருக்கிறது, குத்தல் மட்டும் இல்லை. நம் அணியிலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்வதில் இந்த இரண்டு திசைகளும் அடங்கும். புகழ்வது போல இகழ்தலும் இகழ்வது போலப் புகழ்தலும் ஒரே அணியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 'வஞ்சப்புகழ்ச்சி என்றால் சார்க்கசம்' என்று எழுதும் விடைத்தாளுக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

நான்காம் படி: அடி யார்மேல் விழுகிறது?

இதுதான் இரண்டையும் பிரிக்கும் படி. முரண்நகைக்கு அடிபடுபவர் தேவையில்லை. குத்தலுக்குக் கட்டாயம் தேவை. குத்துவதென்றால் எதையாவது குத்தித்தானே ஆக வேண்டும்? இந்தச் சொல்லை நான் தேர்ந்ததும் இதனால்தான்.

சொற்களை மாற்றாமல் கேட்பவரை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். அடைமழை. "என்ன அருமையான வானிலை!"

நிழற்குடையில் ஒதுங்கிய அறிமுகமில்லாத இருவரில் ஒருவர் சொல்கிறார், மற்றவர் சிரிக்கிறார். இது முரண்நகை மட்டுமே. அடி விழுந்தால் வானத்தின்மேல் விழட்டும்.

இப்போது, "குடையெல்லாம் எதற்கு? வெயில் கொளுத்தப் போகிறது" என்று காலையில் அடித்துச் சொன்ன அண்ணனிடம், சொட்டச் சொட்ட நனைந்த தங்கை அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். இது குத்தல். ஒரு சொல்கூட மாறவில்லை.

மூன்றாவதாக, காலையில் குடை வேண்டாம் என்று முடிவு செய்ததே அந்தத் தங்கைதான். தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள். இதைக் குத்தல் என்பதா? அடி விழுகிறது, தன்மேலேயே. இதைத் தன்னெள்ளல் என்று தனியாக வைப்பது நல்லது. அடிபடுபவரும் அடிப்பவரும் ஒருவரேயாக இருக்கும்போது குத்தலின் முக்கியக் கூறான பகை அங்கே இருப்பதில்லை.

எனவே விடையில் 'இந்த வாக்கியம் குத்தல்' என்று எழுதுவதே குறையுள்ள விடை. 'இன்னார் இன்னாரிடம் இந்தச் சூழலில் சொன்னால் குத்தல்' என்று எழுத வேண்டும்.

தமிழ்ப் பேச்சில் குத்தலின் தடயங்கள்

எழுத்தில் குரல் கேட்காது. ஆனால் தமிழ் சில தடயங்களை விட்டுச்செல்கிறது. மிக நம்பகமானது மரியாதை திடீரென்று ஏறுவது. எப்போதும் 'நீ' என்று பேசும் அம்மா, பத்து மணிக்கு எழுந்த மகனிடம், "ஐயா எழுந்தருளிவிட்டீர்களா? காபி கொண்டுவரட்டுமா?" என்கிறார். இரண்டு கேள்விகளும் சொல்லளவில் பணிவானவை. 'எழுந்துவிட்டாயா? காபி கொண்டுவரட்டுமா?' என்று மாற்றினால் குத்தல் மறைந்து அன்பான தாய் வந்துவிடுகிறார். அப்படியானால் குத்தல் முழுவதும் விளியிலும் விகுதியிலும்தான் இருந்தது. ஆனால் கொங்குப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் குழந்தைகளையே பன்மையில் அழைக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த வீடுகளில் 'எழுந்துவிட்டீர்களா' என்பது எதற்கும் தடயமாகாது, 'எழுந்தருளி'தான் தடயம். வழக்கமான விளி எது என்று தெரியாமல் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

இன்னொரு தடயம் உறைந்துபோன தொடர்கள். 'நன்றாக இருக்கிறது உன் நியாயம்', 'நீ படித்துக் கிழித்தாய்' போன்றவற்றை யாரும் உண்மையான பாராட்டாகச் சொல்ல முடியாது. இவற்றில் முரண் என்றோ உறைந்துவிட்டது. கேட்பவர் எதிர்ப்பொருளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதனால் இவை குத்தலாக முழு வலிமையோடும் முரண்நகையாக மங்கியும் நிற்கின்றன. அவை இரண்டும் ஒரே அளவில் ஏறி இறங்குவதில்லை என்பதற்கு இதுவே போதுமான சான்று.

முழுச் சோதனை: ஔவையும் தொண்டைமானும்

புறநானூற்றின் 95-ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பாடுகிறார். உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுடைய பெரிய மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து, எப்போதும் கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன.

முதல் படி: பேசுபவரை நீக்கினால் ஓர் அழகான ஆயுதக்கிடங்கும் ஒரு கொல்லன் பட்டறையும் மிஞ்சும். அவற்றை அருகருகே வைத்தவர் ஔவை. எனவே முரண் பேச்சில் இருக்கிறது.

இரண்டாம் படியில்தான் பலர் தடுமாறுவார்கள். நேர்ப்பேச்சு: 'உனக்குப் போர் அனுபவமே இல்லை.' ஆனால் பாடலில் பொய்யான வாக்கியம் ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. பீலியும் மாலையும் நெய்யும் உண்மை, பட்டறையும் உண்மை. எதையும் புரட்ட முடியாது. புரள்வது மதிப்பு. பளபளப்பு குறையாகவும் சிதைவு பெருமையாகவும் மாறிவிடுகின்றன. 'எதிர்ப்பொருள்' என்ற பழைய வரையறை இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

மூன்றாம் படி: தொண்டைமான் எதையும் சொன்னதாகப் பாடலில் இல்லை. ஆனால் கொட்டிலைத் திறந்து காட்டியதே ஒரு பேச்சுதான்: 'என் படைபலத்தைப் பார்.' ஔவை அந்தக் காட்சியை அவன் காட்டிய வரிசையிலேயே எதிரொலிக்கிறார். 'படைபலமாம்!' என்று சேர்த்துப் பார்த்தால் பாடல் முழுவதன் தொனியும் அதில் அடங்கும்.

நான்காம் படி: அடிபடுபவர் எதிரே நிற்கிறார். ஆகவே குத்தல்தானா? குத்தலின் இலக்கு இருக்கிறது, ஆனால் ஔவை ஒரு காரியம் செய்கிறார்: தொண்டைமானுக்குத் தப்பிக்க வழி விட்டுவைக்கிறார். அவன் விரும்பினால் இதைத் தன் ஆயுதங்களின் அழகைப் பற்றிய பாராட்டாகவே ஏற்று முகம் வாடாமல் நிற்கலாம். போரை நிறுத்த வந்த தூதருக்கு அந்த வழி அவசியம். தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது வெளிப்படையான வசை, பின்னது பழியை மறைத்துச் சொல்வது. ஔவையின் பாடல் இரண்டாவதன் பக்கம் சேரும். என் தீர்ப்பு: முரண்நகை முழுமை, இலக்கு உறுதி, குத்தல் வேண்டுமென்றே மழுங்க வைக்கப்பட்டது.

இங்கிருந்து ஒரு துணைச் சோதனை கிடைக்கிறது. பேசியவர், 'நான் பாராட்டத்தானே செய்தேன்' என்று மறுத்தால் நம்பும்படி இருக்கிறதா? ஔவை மறுத்தால் நம்பத்தான் வேண்டும். 'சரியான நேரத்துக்கு வந்துவிட்டாய்' என்றவர் மறுத்தால் அதுவே இரண்டாவது குத்தலாகிவிடும். மறுப்பு எவ்வளவு எளிதோ, வாக்கியம் அவ்வளவு முரண்நகையின் பக்கம் சாய்கிறது.

ஒரே வாக்கியம் நகர்வது

ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. சீசரைக் கொன்ற புரூட்டஸ் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். அவன் அனுமதியோடு ஆண்டனி பேச வருகிறான். 'புரூட்டஸ் மதிப்புக்குரிய மனிதர்' என்கிறான். முதல் முறை கூட்டம் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. மறுக்க முழு வழி இருக்கிறது. சீசர் ஏழைகளுக்காக அழுததைச் சொல்கிறான். முடியை மூன்று முறை மறுத்ததைச் சொல்கிறான். ஒவ்வொன்றின் பின்னும் அதே வாக்கியம் வருகிறது. வாக்கியம் மாறவில்லை, அதன் முன்னே நிற்கும் சான்றுதான் மாறுகிறது. கடைசியில் கூட்டத்தில் ஒருவன், துரோகிகள் அவர்கள், 'மதிப்புக்குரிய மனிதர்கள்!' என்று கத்துகிறான். தமிழில் அந்த இடத்தில் 'மதிப்புக்குரியவர்களாம்!' என்றுதான் வரும். முரண்நகையாகத் தொடங்கிய சொற்களைக் குத்தலாக முடித்துவைப்பவன் ஆண்டனி அல்லன், கேட்டுக்கொண்டிருந்த குடிமகன். காட்சியைப் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியத்தின் பக்கத்தில் 'மறுக்க முடியுமா?' என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். எந்த இடத்தில் 'முடியாது' என்று எழுதுகிறீர்கள் என்பதில் வகுப்பில் கருத்து வேறுபாடு வரும், வர வேண்டும்.

நீங்களே சோதிக்க

விடையைப் படிக்கும் முன் நான்கு படிகளையும் ஓட்டிப் பாருங்கள்.

1. "மின்சாரம் சேமிப்போம்" என்ற விளக்குப் பலகை பகல் முழுவதும் எரிகிறது.

2. தேர்வில் பத்து மதிப்பெண் வாங்கிய தம்பியிடம் அக்கா: "முட்டாள், படிக்கவே இல்லையா?"

3. அதே தம்பியிடம் அக்கா: "அடுத்த ஆண்டு நீயே வினாத்தாள் தயாரிக்கலாம் போலிருக்கிறது."

4. 'தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்.' (திருக்குறள் 1073)

5. கைப்பேசியில் தனியாக வந்த செய்தி: "மிக்க மகிழ்ச்சி."

முதலாவது சூழல் முரண்நகை. முதல் படியிலேயே முடிந்தது. இரண்டாவது வெறும் வசை, தொல்காப்பியர் சொல்லில் செம்பொருள். மூன்றாவதில் சொல்லும் நிலைமையும் மோதுகின்றன, தம்பி எதிரே நிற்கிறான், மறுக்க வழியில்லை. முரண்நகையும் குத்தலும் சேர்ந்தே இருக்கின்றன.

நான்காவது கொஞ்சம் நேரம் எடுக்கும். கயவர் தேவரைப் போன்றவர் என்று முதலில் உயர்த்திவிட்டு, காரணத்தைப் பின்னால் வைக்கிறார் வள்ளுவர்: இருவரும் தம் விருப்பப்படி நடக்கிறார்கள், கேட்பாரில்லை. ஒப்புமை சொல்லளவில் சரியானதுதான். ஔவையின் பாடலைப் போல இங்கும் பொய் இல்லை. அடி விழுவது ஒரு வகை மனிதர்மேல், எதிரே நிற்கும் ஒருவர்மேல் அன்று. ஆனால் 'நான் புகழத்தானே செய்தேன்' என்று யாரும் இதை மறுக்க முடியாது. கயமை என்ற அதிகாரத் தலைப்பே அந்தக் கதவை மூடிவிட்டது. முரண்நகையின் அமைப்பில் வந்த குத்தல் என்றே இதை எழுதலாம்.

ஐந்தாவதற்கு விடை இல்லை. அனுப்பியவர் யார், அதற்கு முன் நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று தெரியாமல் மூன்றாம் படியும் நான்காம் படியும் ஓடாது. 'தீர்மானிக்கத் தகவல் போதாது' என்பதும் தேர்வில் எழுதத்தக்க விடைதான். எந்தத் தகவல் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால்.